எண் அதேதான், நிறம் ஏன் மாறியது?

ஒரு மாவட்டத்தில் போன மாதம் பத்தாயிரம் பேருக்கு 18 பேர் காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். இந்த மாதமும் 18 பேர்தான். ஆனால் போன மாத வரைபடத்தில் நடுத்தரச் சிவப்பாக இருந்த அந்த மாவட்டம், இந்த மாத வரைபடத்தில் மிக வெளிறிய நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டையும் அருகருகே பார்த்த ஒருவர் கூட்டத்தில் என்னிடம் கேட்டார்: "இந்த மாவட்டத்தில் இவ்வளவு குறைத்திருக்கிறார்களே, என்ன செய்தார்கள்?"

யாரும் எதுவும் செய்யவில்லை. தரவைப் புதுப்பித்தபோது மென்பொருள் நிறங்களுக்கான எல்லைகளைப் புதிதாகக் கணக்கிட்டுக்கொண்டது, அவ்வளவுதான். வரைபடத்தில் எந்த எண்ணும் தவறில்லை. ஓரத்தில் இருந்த நிறக்குறிப்பும் சரியாகவே இருந்தது. ஆனாலும் பார்த்தவர் தவறான முடிவுக்கு வந்தார். அவர் வந்த வழியில் தவறு இல்லை, ஒரே நிறம் ஒரே அளவைக் குறிக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது ஏன் அப்படி நடக்கிறது, மாதாமாதம் ஒப்பிடக்கூடிய வரைபடத்தை எப்படி அமைப்பது என்பதை ஒரு சின்ன எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம்.

நிறத்துக்கு எல்லை போடுவது

பகுதிகளை அவற்றின் அளவுக்கேற்ற நிறச்செறிவில் தீட்டும் வரைபடத்தைக் கோரோப்லெத் வரைபடம் என்பார்கள். 1826ல் பிரான்ஸின் கல்வி நிலையைக் காட்ட சார்ல்ஸ் துப்பேன் வரைந்ததுதான் இந்த வகையில் அறியப்பட்ட முதல் வரைபடம். கோரோப்லெத் என்ற பெயரை 1938ல் ஜான் கே. ரைட் வைத்தார்.

எல்லா எண்ணுக்கும் தனித்தனி நிறம் கொடுத்தால் கண்ணால் பிரித்தறிய முடியாது. அதனால் எண்களை நான்கைந்து வகுப்புகளாகப் பிரித்து, வகுப்புக்கு ஒரு நிறம் தருகிறோம். ஒரு வகுப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் எண்தான் வகுப்பு எல்லை. அந்த எல்லையை எங்கே வைப்பது என்பதற்குப் பல முறைகள் உண்டு. மென்பொருள்களில் அதிகம் கண்ணில் படுபவை மூன்று. சம இடைவெளி முறை, மிகச் சிறிய எண்ணிலிருந்து மிகப் பெரிய எண் வரையுள்ள தூரத்தைச் சமமாக வெட்டும். குவாண்டைல் முறை, ஒவ்வொரு வகுப்பிலும் ஒரே எண்ணிக்கையில் பகுதிகள் வரும்படி வெட்டும். ஜென்க்ஸ் முறை, ஒத்த எண்கள் ஒரே வகுப்பில் சேரும்படி, அதாவது வகுப்புக்குள் உள்ள வேறுபாடு முடிந்தவரை குறையும்படி வெட்டும்.

மூன்றுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. எல்லை எங்கே என்பதை முடிவு செய்வது, அப்போது கையில் இருக்கும் தரவு. ஒரே ஒரு வரைபடம் வரைந்து அச்சிடும்போது இது நல்ல குணம். மாதம்தோறும் தரவு மாறிக்கொண்டே இருக்கும் டாஷ்போர்டில் அதே குணம்தான் சிக்கலாகிறது. தரவு மாறும்போது அதை அளக்கும் கோலும் கூடவே மாறிவிடுகிறது.

பத்து மாவட்டங்கள், இரண்டு மாதங்கள்

பத்து மாவட்டங்களை அ முதல் ஒ வரை பெயரிட்டுக்கொள்வோம். பத்தாயிரம் பேருக்கு எத்தனை காய்ச்சல் நோயாளிகள் என்ற விகிதம், முதல் மாதத்தில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: அ 3, ஆ 4, இ 6, ஈ 7, உ 9, ஊ 11, எ 14, ஏ 18, ஐ 24, ஒ 31. நிறங்கள் ஐந்து, வெளிறிய சிவப்பிலிருந்து கருஞ்சிவப்பு வரை.

சம இடைவெளி முறையில் 31லிருந்து 3ஐக் கழித்தால் 28. அதை ஐந்தால் வகுத்தால் ஒரு வகுப்பின் அகலம் 5.6. எல்லைகள் 8.6, 14.2, 19.8, 25.4 என்று விழும். அ, ஆ, இ, ஈ நான்கும் மிக வெளிறிய நிறம். உ, ஊ, எ மூன்றும் இரண்டாம் நிறம். ஏ மாவட்டத்தின் 18 நடு நிறத்துக்கும், ஐ மாவட்டத்தின் 24 நான்காம் நிறத்துக்கும் போகும். ஒ மட்டும் கருஞ்சிவப்பு.

இரண்டாம் மாதம் ஒன்பது மாவட்டங்களில் எந்த மாற்றமும் இல்லை. ஒ மாவட்டத்தில் மட்டும் நோய் பரவி, 31 என்பது 93 ஆகிவிடுகிறது. ரிஃப்ரெஷ் ஆனதும் மென்பொருள் மறுபடி கணக்குப் போடுகிறது. 93லிருந்து 3ஐக் கழித்தால் 90, அகலம் 18, எல்லைகள் 21, 39, 57, 75. இப்போது 21க்குக் கீழே உள்ள எட்டு மாவட்டங்களும் மிக வெளிறிய நிறத்துக்குப் போய்விடும். ஐ மாவட்டம் நான்காம் நிறத்திலிருந்து இரண்டாம் நிறத்துக்கு இறங்கும். ஒ மாவட்டம் எப்போதும் போலக் கருஞ்சிவப்பு.

இதைப் பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? ஐந்து மாவட்டங்கள் தேறிவிட்டன, ஒ மாவட்டம் அப்படியே இருக்கிறது என்று தோன்றும். நடந்தது இதற்கு நேர் எதிர். ஐந்தும் அப்படியே இருக்கின்றன, ஒ மட்டும் மூன்று மடங்கு மோசமாகியிருக்கிறது. கூட்டத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி பிறந்தது இதே போன்ற ஓர் இடத்தில்தான்.

குவாண்டைல் முறைக்கு மாறினால் சரியாகிவிடுமா? பத்து மாவட்டம், ஐந்து வகுப்பு என்றால் வகுப்புக்கு இரண்டு. சிறியதிலிருந்து வரிசைப்படுத்தி இரண்டிரண்டாக எடுக்க வேண்டியதுதான். முதல் மாதம் ஐ, ஒ இரண்டும் கருஞ்சிவப்பு. இரண்டாம் மாதமும் வரிசை மாறவில்லை, அதனால் பத்து மாவட்டங்களும் முதல் மாதத்து நிறத்திலேயே இருக்கும். 31 என்பது 93 ஆன செய்தி வரைபடத்தில் எங்குமே இல்லை. நிறக்குறிப்பில் கடைசி வரியின் மேல் எண் மட்டும் சத்தமில்லாமல் மாறியிருக்கும். ஜென்க்ஸ் முறையில் இதே எண்களைப் போட்டுப் பார்த்தாலும் விடை அதுவே. முதல் மாதத்திலேயே ஒ மாவட்டம் தனி வகுப்பாக நிற்கிறது, இரண்டாம் மாதமும் தனியாகவே நிற்கிறது, மற்றவை நகரவில்லை.

ஆக ஒரே தரவில், ஒரு முறை மாறாதவற்றை மாறியதாகக் காட்டுகிறது. மற்ற இரண்டும் மாறியதை மறைக்கின்றன. வேறு முறைக்குத் தாவிப் பார்ப்பதால் பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான். கோளாறு வெட்டும் முறையில் இல்லை, ஒவ்வொரு மாதமும் புதிதாக வெட்டுவதில் இருக்கிறது.

இன்னொரு சோதனை இதைவிட அழுத்தமாகக் காட்டும். இரண்டாம் மாதம் பத்து மாவட்டங்களிலும் விகிதம் சரிபாதியாகக் குறைந்தது என்று கொள்ளுங்கள்: 1.5, 2, 3, 3.5, 4.5, 5.5, 7, 9, 12, 15.5. இதைவிட நல்ல செய்தி கிடையாது. ஆனால் சம இடைவெளி முறையின் எல்லைகளும் சரிபாதியாகக் குறைந்து 4.3, 7.1, 9.9, 12.7 ஆகிவிடும். ஏ மாவட்டம் 18லிருந்து 9க்கு வந்தும் அதே நடு நிறத்தில் இருக்கும். குவாண்டைலிலும் ஜென்க்ஸிலும் அப்படியே. எல்லா எண்களையும் ஒரே எண்ணால் பெருக்கினாலும் வகுத்தாலும் இந்த மூன்று முறைகளும் அச்சு அசலாக அதே வரைபடத்தைத்தான் தரும். நோய் எங்கும் பாதியானாலும் சரி, எங்கும் பத்து மடங்கானாலும் சரி, நிறங்கள் அசையாது. எல்லைகள் மறுகணக்கிடப்படும் வரைபடம், இந்த மாதத்துக்குள் யார் மேலே, யார் கீழே என்பதை மட்டும் சொல்லும். எவ்வளவு என்பதை நிறத்தால் சொல்லாது.

நிறக்குறிப்பைப் படித்தால் போதாதா

நிறக்குறிப்பில் எண்கள் இருக்கின்றனவே, படிப்பவர் அதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இரண்டு வரைபடங்களை ஒப்பிடும் கண், நிறத்தைத்தான் நிறத்தோடு ஒப்பிடும். நிறக்குறிப்புகளை ஒப்பிட்டு, பிறகு மனத்தில் நிறங்களை மாற்றிப்போட்டுப் பார்ப்பது யாராலும் நீடித்துச் செய்ய முடியாத வேலை.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். சிந்தியா புரூவர், லிண்டா பிக்கிள் இருவரும் 2002ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க இறப்பு விகித வரைபடத் தொடர்களை 56 பேரிடம் காட்டி, ஏழு வகைப்பாட்டு முறைகளை ஒப்பிட்டார்கள். வரைபடத்தைப் படிக்கும் பொதுவான வேலைகளுக்குக் குவாண்டைல் முறை முன்னணியில் வந்தது. நமக்கு வேண்டியது அதன் இன்னொரு முடிவு: தொடரில் உள்ள எல்லா வரைபடங்களுக்கும் ஒரே நிறக்குறிப்பை வைத்தபோது, வரைபடங்களை ஒப்பிடுவதில் துல்லியம் ஏறத்தாழ 20 சதவீதம் கூடியது.

எல்லையை ஒருமுறை போட்டு நிறுத்துவது

தீர்வு எளிதுதான். எல்லைகளை ஒருமுறை தீர்மானித்து, தரவுக்கு வெளியே எழுதி வைத்து, மாதாமாதம் அதையே பயன்படுத்த வேண்டும். யோசிக்க வேண்டியது எந்த எண்களை வைப்பது என்பதைத்தான்.

துறையில் ஏற்கெனவே பொருளுள்ள எல்லைகள் இருந்தால் அவற்றுக்கே முதலிடம். இந்த அளவைத் தாண்டினால் கூடுதல் மருத்துவர்களை அனுப்புவோம் என்று ஒரு விதி இருந்தால், அந்த எண் கட்டாயம் ஒரு வகுப்பு எல்லையாக இருக்க வேண்டும். நிறம் மாறும் இடமும் முடிவு மாறும் இடமும் ஒன்றாகிவிடும்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால், கடந்த காலத் தரவு முழுவதையும் ஒரே குவியலாக்குங்கள். 24 மாதம், பத்து மாவட்டம் என்றால் 240 எண்கள். அந்தக் குவியலின் மீது குவாண்டைலோ ஜென்க்ஸோ ஒரே ஒருமுறை ஓட்டுங்கள். குவியலில் குறைந்தது ஒரு முழு ஆண்டாவது இருக்க வேண்டும். காய்ச்சல் போன்றவற்றுக்குப் பருவம் உண்டு. நோய் குறைந்த நான்கு மாதங்களை மட்டும் வைத்து எல்லை போட்டால், பருவம் வந்ததும் வரைபடம் முழுக்கக் கருஞ்சிவப்பாகிவிடும், அதற்குப் பிறகு எதையும் பிரித்தறிய முடியாது. கணக்கில் 4.7, 9.6, 21.3, 38.8 என்று வந்தால் அதை 5, 10, 20, 40 என்று முழுமையாக்கிக்கொள்ளலாம். படிப்பவர் மனத்தில் நிற்கும். இழப்பு மிகக் குறைவு.

இந்த எல்லைகளோடு மறுபடி நம் பத்து மாவட்டங்களுக்கு வருவோம். முதல் மாதம் அ, ஆ முதல் வகுப்பு. இ, ஈ, உ இரண்டாவது. ஊ, எ, ஏ மூன்றாவது. ஐ, ஒ நான்காவது. ஐந்தாம் வகுப்பில் யாரும் இல்லை. ஒ மாவட்டம் 93 ஆன மாதத்தில் அது மட்டும் நான்கிலிருந்து ஐந்துக்குத் தாவும், மற்ற ஒன்பதும் அசையாது. எல்லாம் பாதியான மாதத்தில் ஐந்து மாவட்டங்கள் மிக வெளிறிய நிறத்திலும், மூன்று இரண்டாம் நிறத்திலும், இரண்டு நடு நிறத்திலும் இருக்கும். கருமை வரைபடத்தை விட்டே போய்விடும். நடந்தது எதுவோ அதுவே கண்ணுக்குத் தெரிகிறது.

பைத்தானில் செய்பவர்களுக்கு இவ்வளவு போதும்:

```python
import pandas as pd

breaks = [0, 5, 10, 20, 40, float("inf")]
colours = ["#fee5d9", "#fcae91", "#fb6a4a", "#de2d26", "#a50f15"]

df["cls"] = pd.cut(df["rate"], bins=breaks,
                   labels=[0, 1, 2, 3, 4], right=False)
df["colour"] = (df["cls"].map(dict(enumerate(colours)))
                .astype(object).fillna("#d9d9d9"))
```

`right=False` என்பதன் பொருள், சரியாக 10 என்று வரும் எண் மூன்றாம் வகுப்புக்குப் போகும் என்பது. அதை நிறக்குறிப்பிலும் அதே விதமாக, "10 முதல் 20க்குக் கீழ் வரை" என்று எழுத வேண்டும். தரவு இல்லாத மாவட்டத்துக்குச் சாம்பல் நிறம் தனியாக இருக்கிறது. தரவு வராததையும் பூஜ்யத்தையும் ஒரே நிறத்தில் தீட்டிவிடக் கூடாது.

நிறுத்திய பிறகும் நழுவும் இடங்கள்

கடைசி வகுப்பை நான் மேலே திறந்தே விட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். "40ம் அதற்கு மேலும்". இதை 40 முதல் 60 வரை என்று மூடி வைத்தால், 93 வரும் நாளில் என்ன ஆகும் என்பது மென்பொருளைப் பொறுத்தது. க்யூஜிஐஎஸ்ஸில் வகுப்புகளுக்கு வெளியே விழும் பகுதி வரையப்படாமலே போகும். மிக மோசமான மாவட்டம் வெற்றிடமாகத் தெரியும், பார்ப்பவர் தரவு வரவில்லை என்று நினைத்துக்கொள்வார். பைத்தானின் `mapclassify.UserDefined` வேறு விதம். நாம் கொடுத்த கடைசி எல்லையைவிடப் பெரிய எண் வந்தால் அது தானாக இன்னொரு வகுப்பைச் சேர்த்துக்கொள்ளும். ஐந்து வகுப்பு ஆறாகிவிடும். ஜியோபாண்டாஸ் அதே நிற வரிசையை ஆறு வகுப்புக்கும் பரப்பித் தீட்டுவதால், எல்லைகள் மாறாமலே நடுவில் உள்ள நிறங்கள் எல்லாம் சற்று நகர்ந்துவிடும். எல்லையை நிறுத்திவிட்டோம் என்ற நம்பிக்கையில் இருப்பவர் இதைக் கண்டுபிடிப்பது கடினம். மேலே உள்ள நிரலில் நிறங்களையும் எழுதி வைத்திருப்பது இதற்காகத்தான். எல்லையும் நிறமும் சேர்ந்துதான் ஒரு நிறக்குறிப்பு, இரண்டையும் நிறுத்த வேண்டும்.

அடுத்தது காலி வகுப்பு. முதல் மாதத்தில் ஐந்தாம் வகுப்பில் யாரும் இல்லை. சில கருவிகள் யாரும் இல்லாத வகுப்பை நிறக்குறிப்பிலிருந்து நீக்கிவிடும். அப்போது நான்காம் நிறமே உச்சம் போலத் தோன்றும். ஐந்து கட்டங்களும் எல்லா மாதமும் இருக்கட்டும். காலியாக இருக்கும் கருஞ்சிவப்புக் கட்டமும் ஒரு செய்தி: அந்த அளவை இந்த மாதம் எந்த மாவட்டமும் தொடவில்லை.

க்யூஜிஐஎஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு சொல். பாணியில் சேமித்த எல்லைகளை அது தானாக மாற்றாது. ஆனால் புதிய மாதத் தரவை இணைத்த பிறகு பழக்கத்தில் `Classify` பொத்தானை அழுத்தினால் எல்லாம் மறுபடி கணக்கிடப்படும். எல்லைகளைக் கையால் உள்ளிட்டு, பாணியை `.qml` கோப்பாகச் சேமித்து, மாதந்தோறும் அதை ஏற்றிக்கொள்வது பாதுகாப்பு.

உங்கள் டாஷ்போர்டு எந்த வகை என்று அறிவது

அமைப்புகளுக்குள் தேட வேண்டியதில்லை, வெளியிலிருந்தே தெரிந்துவிடும். நிறக்குறிப்பில் 8.6, 14.2 போன்ற முழுமையற்ற எண்கள் இருந்தால் சந்தேகப்படுங்கள், யாரும் கையால் அப்படி எல்லை போடுவதில்லை. மிகக் குறைந்த வகுப்பின் தொடக்கம் இந்த மாதத்தின் மிகச் சிறிய எண்ணாகவே இருந்தால் அது மறுகணக்குதான். எந்த மாதத்தைத் திறந்தாலும் ஒவ்வொரு நிறத்திலும் ஒரே எண்ணிக்கையில் பகுதிகள் இருந்தால் குவாண்டைல் ஓடிக்கொண்டிருக்கிறது.

எனக்குப் பிடித்த சோதனை வடிகட்டிப் பார்ப்பது. பத்து மாவட்டங்களில் நான்கை மட்டும் தேர்ந்தெடுங்கள். அவற்றில் ஒன்றின் நிறமாவது மாறினால், மாதம் மாறும்போது மட்டுமல்ல, ஒவ்வொரு சொடுக்கிலும் எல்லைகள் புதிதாகக் கணக்கிடப்படுகின்றன. ஒரே நாளில், ஒரே தரவில், இரண்டு பேர் இரண்டு வடிகட்டியோடு பார்த்து, ஒரே மாவட்டத்தைப் பற்றி மாறி மாறிப் பேசும் நிலை இதனால் வருகிறது.

நிலையான எல்லை எதைக் காட்டாது

ஒரே வகுப்புக்குள் நடப்பது தெரியாது. 21லிருந்து 39க்கு ஏறிய மாவட்டம் நான்காம் நிறத்திலேயே இருக்கும். 19லிருந்து 20க்குப் போனது நிறம் மாறிவிடும். மாற்றத்தையே காட்ட வேண்டுமென்றால் அதற்குத் தனி வரைபடம் போடுவதுதான் முறை. இந்த மாத எண்ணிலிருந்து போன மாத எண்ணைக் கழித்து, ஏறியதற்கு ஒரு நிறம், இறங்கியதற்கு எதிர் நிறம், நடுவில் பூஜ்யத்தைச் சுற்றி வெண்மை என்று தீட்டலாம். அதற்கும் எல்லைகள் நிலையாக, பூஜ்யத்தின் இருபுறமும் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இதே கதை அங்கேயும் தொடங்கும்.

இந்த மாதத்துக்குள் யார் முன், யார் பின் என்று மட்டும் அறிய வேண்டியவருக்கு மறுகணக்கிட்ட குவாண்டைல் வரைபடம் நல்ல கருவிதான். தலைப்பில் "இந்த மாத வரிசை" என்று எழுதிவிடுங்கள், நிறக்குறிப்பில் எண்களுக்குப் பதில் "மேல் ஐந்தில் ஒரு பங்கு" என்பது போலச் சொல்லுங்கள். வேறொரு நிறக் குடும்பத்தைப் பயன்படுத்தினால் இன்னும் நல்லது, அளவைக் காட்டும் சிவப்போடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

எல்லையை மாற்ற வேண்டி வந்தால்

நிலையான எல்லைகளுக்கும் வயதாகும். நோய் பல ஆண்டுகளாகக் குறைந்து வந்தால் ஒருநாள் எல்லா மாவட்டங்களும் முதல் வகுப்புக்குள் அடங்கிவிடும். ஒரு மாதம் அப்படி இருப்பதைப் பார்த்து மாற்றக் கூடாது. அந்த வெளிறிய வரைபடம் உண்மையைத்தான் சொல்கிறது. ஒரு முழு ஆண்டு, பருவ மாதங்கள் உட்பட, பத்தில் எட்டு மாவட்டங்கள் ஒரே வகுப்பில் கிடந்தால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். இந்த எட்டு என்பது என் அனுபவக் கணக்கு. உங்கள் தரவுக்கு வேறாக இருக்கலாம்.

மாற்றும்போது பழைய மாதங்களை அப்படியே விட்டுவிட்டால் மறுபடி ஒப்பிட முடியாத நிலைக்கே வந்து சேர்வோம். குறைந்தது கடந்த 12 மாத வரைபடங்களையாவது புதிய எல்லைகளோடு திரும்ப வரைந்து வெளியிட வேண்டும். எல்லைகளும் நிறங்களும் உள்ள கோப்புக்கு ஒரு பதிப்பு எண் கொடுத்து, அந்த எண்ணையும் நடைமுறைக்கு வந்த தேதியையும் ஒவ்வொரு வரைபடத்தின் நிறக்குறிப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் அச்சிடுங்கள். இரண்டு ஆண்டு கழித்து யாரோ இரண்டு தாள்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, பதிப்பு எண் ஒன்றாக இருந்தால் நிறத்தை நம்பி ஒப்பிடலாம், வேறாக இருந்தால் எண்களுக்குத்தான் போக வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே இருக்கும்.